முதல் ஆடிட்டுக்குத் தயாராவது: சிறு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவருக்கு

பிரைவேட் லிமிடெட் என்று பதிவு செய்துவிட்டால், அந்த ஆண்டு ஒரு ரூபாய்கூட வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆடிட் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விற்றுமுதலைப் பார்த்து இதில் விலக்கு தருவதில்லை. புதிதாகக் கம்பெனி தொடங்கியவர்கள் இதை வருமான வரியின் டேக்ஸ் ஆடிட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, அதற்கு விற்றுமுதல் வரம்பு உண்டு.

இன்னொரு குழப்பம் நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. பட்டயக் கணக்காளர் யாராக இருந்தாலும் அவரை "ஆடிட்டர்" என்றுதான் கூப்பிடுகிறோம். அதனால் "எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று முதலாளி நிம்மதியாக இருந்துவிடுகிறார். சட்டப்படி கம்பெனியின் ஆடிட்டர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது. எழுதுவது நம் வேலை, சோதிப்பது அவர் வேலை. கணக்குகளைத் தயாரித்து அவர் மேசையில் வைக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். நம் லெட்ஜரில் ஒரு தொகை இருக்கிறது என்பது ஆடிட்டருக்குச் சான்று ஆகாது, ஏனென்றால் அதை எழுதியதே நாம். வெளியாள் ஒருவர் கொடுத்த காகிதம் வேண்டும்: வங்கியின் கடிதம், வாடிக்கையாளரின் பதில், அரசு இணையதளத்தில் தெரியும் தொகை. ஆகவே ஆடிட்டுக்குத் தயாராவது என்றால், பேலன்ஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரிக்கும் வெளியே ஒரு சாட்சியைத் தேடி வைப்பது.

மார்ச் 31 அன்றே செய்ய வேண்டியவை

சில சான்றுகளை அன்று விட்டால் பிறகு உருவாக்கவே முடியாது. அன்று மாலை கல்லாப் பணத்தை எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, ஒரு இயக்குநரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கேஷ் புத்தகத்தில் 1,80,000 ரூபாய் இருப்பு, கல்லாவில் 6,000 ரூபாய் என்ற நிலைமை சிறு நிறுவனங்களில் சகஜம். பெரும்பாலும் முதலாளி எடுத்த பணத்துக்கு வவுச்சர் போட்டிருக்க மாட்டார்கள். மார்ச்சிலேயே தெரிந்தால் சரிசெய்யலாம், ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அன்றைய கடைசி விற்பனை பில் எண், கடைசியாக வந்த சரக்கின் வரவுச் சீட்டு எண், கடைசியாகக் கொடுத்த காசோலை எண் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எது இந்த ஆண்டு, எது அடுத்த ஆண்டு என்ற கேள்வி வரும்போது இந்த ஒற்றைத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

அப்புறம் ஸ்டாக். எண்ணும் தேதியை ஆடிட்டருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அவரோ அவருடைய உதவியாளரோ வந்து உடன் நின்று பார்க்க விரும்புவார். 31 அன்று எண்ண முடியாமல் போனால் சில நாள் கழித்தும் எண்ணலாம், ஆனால் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக ஏப்ரல் 5 அன்று எண்ணியபோது ஒரு வகை வால்வு 46 இருந்தது. ஏப்ரல் 1 முதல் எண்ணும் நேரம்வரை 20 வந்தன, 14 வெளியே போயின. அப்படியானால் மார்ச் 31 அன்று இருந்தது 46-இல் 20-ஐக் கழித்து 14-ஐக் கூட்டினால் 40. புத்தகம் 43 என்கிறது. அந்த மூன்று எங்கே என்பதற்கான விளக்கத்தை அதே பட்டியலில், அதே வாரத்தில் எழுதி வையுங்கள். எண்ணும்போதே உடைந்தது, துருப்பிடித்தது, இரண்டு ஆண்டாக அசையாதது ஆகியவற்றைத் தனியாகக் குறிக்கவும். வாங்கிய விலைக்கே அவற்றை மதிப்பிட்டிருந்தால் ஆடிட்டர் கட்டாயம் கேட்பார்.

வங்கி: சும்மா கிடக்கும் கணக்கையும் சேர்த்து

ஸ்டேட்மெண்ட் மட்டும் போதாது. ஒவ்வொரு வங்கியிலிருந்தும் மார்ச் 31 இருப்பை உறுதிசெய்யும் கடிதம் வேண்டும். நடப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, கடன், வங்கி உத்தரவாதம், அடமானமாக வைத்த சொத்து எல்லாம் அதில் வர வேண்டும். கம்பெனி தொடங்கியபோது திறந்து, பிறகு யாரும் எட்டிப் பார்க்காத கணக்கு ஒன்று அநேகமாக இருக்கும். அதையும் பட்டியலில் சேருங்கள். ஆடிட்டர் தானாகக் கண்டுபிடித்தால் "வேறு கணக்கு எதுவும் இல்லையா?" என்ற கேள்வி எல்லாப் பக்கத்திலும் தொற்றிக்கொள்ளும்.

வங்கி ஒப்பீட்டுப் பட்டியலில் பழைய காசோலைகளைப் பாருங்கள். காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான். டிசம்பர் 12 தேதியிட்ட 45,000 ரூபாய்க் காசோலை மார்ச் 31 வரை வங்கிக்கு வரவில்லை என்றால் அது செத்த காசோலை. அதை நீக்கி, பணத்தை வங்கி இருப்பில் திரும்பச் சேர்த்து, அந்தப் பார்ட்டிக்குத் தர வேண்டிய கடனாக மறுபடியும் காட்ட வேண்டும். அவர் ஏன் போடவில்லை என்றும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இருமுறை கொடுத்திருக்கலாம்.

நிலுவை உறுதிக் கடிதம்

பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று நாம் சொல்லும் இந்தக் கடிதத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏன், நானும் தடுமாறியவன்தான். முதல் ஆண்டு இருபது பார்ட்டிகளுக்கு நானே கடிதம் அனுப்பி, பதில்களை என் மின்னஞ்சலுக்கே வரவழைத்து, அழகாகப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் அடுக்கிக் கொடுத்தேன். ஆடிட்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொன்னார். பதில் என் கை வழியாகப் போனால் அது என் காகிதம் ஆகிவிடுகிறது. நான் திருத்தியிருக்க மாட்டேன் என்பதற்கு அவரிடம் என்ன உத்தரவாதம்?

சரியான முறை இதுதான். யார் யாருக்கு அனுப்புவது என்பதை நாம் கொடுக்கும் பட்டியலிலிருந்து ஆடிட்டர் தேர்ந்தெடுப்பார். கடிதம் நம் கம்பெனி லெட்டர்ஹெட்டில், இயக்குநர் கையெழுத்தோடு போகும். அனுப்புவது ஆடிட்டரின் கட்டுப்பாட்டில் நடக்கும், பதிலும் நேராக அவருக்கே போகும். வாசகம் எளிமையாக இருக்கட்டும்:

"எங்கள் புத்தகப்படி மார்ச் 31 அன்று நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய தொகை ரூ. 6,42,000. இது உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கையெழுத்தும் முத்திரையும் இட்டு எங்கள் ஆடிட்டருக்கு நேரடியாகத் தெரிவியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் லெட்ஜர் நகலை இணைத்து அனுப்புங்கள். இது தணிக்கைக்காக மட்டுமே, பணம் கேட்கும் கடிதம் அல்ல."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சில பார்ட்டிகள் வசூல் நோட்டீஸ் என்று நினைத்துக் கோபப்படுவார்கள்.

நமக்குத் தர வேண்டியவர்களுக்கும் நாம் தர வேண்டியவர்களுக்கும் அனுப்புவதில் ஒரு வேறுபாடு உண்டு. வர வேண்டிய பணத்தை நாம் கூட்டிக் காட்டிவிடுவோமோ என்பது ஆடிட்டரின் சந்தேகம், எனவே பெரிய நிலுவைகளைப் பிடிப்பார். தர வேண்டியதில் சந்தேகம் தலைகீழ்: குறைத்துக் காட்டியிருப்போமோ என்று பார்ப்பார். அதனால் ஆண்டு முழுக்க நிறைய வாங்கிவிட்டு மார்ச் 31 அன்று பூஜ்யம் காட்டும் சப்ளையருக்கும் கடிதம் போகும். அவர்களுக்கான கடிதத்தில் தொகையை நிரப்பாமல் காலியாக விட்டு, "உங்கள் கணக்கில் எவ்வளவு?" என்று கேட்பதும் வழக்கம். "பாக்கியே இல்லாதவருக்கு எதற்குக் கடிதம்?" என்று வாதாடாதீர்கள்.

பார்ட்டிகளின் மின்னஞ்சல் முகவரி நிறுவன முகவரியாக இருப்பது நல்லது. வாட்ஸப்பில் வந்த "ஓகே சார்" செல்லாது. இரண்டு முறை நினைவூட்டியும் பதில் வராத பார்ட்டிகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு மாற்றுச் சான்று தயார் செய்யுங்கள்: ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பாக்கிக்குப் பணம் வந்ததைக் காட்டும் வங்கிப் பதிவு, அதற்கான பில், பொருள் அல்லது சேவை கிடைத்ததாகப் பார்ட்டி கையெழுத்திட்ட சீட்டு.

பதில் ஒத்துப்போகாதபோது: ஒரு கணக்கு

மேலே சொன்ன 6,42,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஆலைகளின் ஏர் கம்ப்ரசர்களைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு சிறு கம்பெனி. ஒரு நூற்பாலையோடு ஆண்டு ஒப்பந்தம், ஜிஎஸ்டி நீங்கலாக 12,00,000 ரூபாய். ஆலையிடமிருந்து வந்த பதிலில் தொகை 5,18,880. வித்தியாசம் 1,23,120. பார்த்ததும் பயப்பட வேண்டாம். இரு லெட்ஜர்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தால் மிஞ்சுவது சில பதிவுகள்தான். இங்கே மூன்று மிஞ்சின.

முதலாவது, ஆலை பிடித்த டிடிஎஸ் 24,000 ரூபாய். 12 லட்சத்துக்கு 2 சதவீதம். ஜிஎஸ்டி பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருப்பதால் அதன்மேல் டிடிஎஸ் இல்லை. நம் புத்தகத்தில் இது பதியப்படவே இல்லை, வந்த பணத்தை மட்டும் வரவு வைத்திருக்கிறார்கள். தவறு நம்முடையது. பார்ட்டி கணக்கில் 24,000 குறைத்து, "டிடிஎஸ் வர வேண்டியது" என்ற கணக்கில் ஏற்ற வேண்டும். சான்று வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். ஆனால் ஏப்ரலில் தேடாதீர்கள். கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்ய அவர்களுக்கு மே 31 வரை அவகாசம் இருப்பதால் ஜூனில்தான் முழுதாகத் தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் ஆலை பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டவில்லை, அல்லது நம் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறது.

இரண்டாவது, 28,320 ரூபாய்க்கு ஆலை போட்ட டெபிட் நோட். பிப்ரவரியில் நம் ஆள் இரண்டு முறை போகவில்லை என்று 24,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டி 4,320 ரூபாயும் கழித்திருக்கிறார்கள். சர்வீஸ் துறையைக் கேட்டால் உண்மைதான், கணக்குத் துறைக்கு யாரும் சொல்லவில்லை. குறை நடந்தது பிப்ரவரியில் என்பதால் 24,000 ரூபாயை இந்த ஆண்டு வருமானத்தில்தான் குறைக்க வேண்டும், கடிதம் மே மாதம் வந்தாலும். நாம் முறையான கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அதை வரிக் கணக்கில் காட்ட இடம் உண்டு. கிரெடிட் நோட் மே மாதத் தேதியில் போகிறது என்றால், மார்ச் கணக்கில் 4,320 ரூபாயைச் செலவாக எழுதிவிடாமல் தனி லெட்ஜரில் நிறுத்தி, மே மாதம் சரிக்கட்டலாம்.

மூன்றாவது, மார்ச் 30 தேதியிட்ட 70,800 ரூபாய் பில். ஆலை அதை ஏப்ரல் 6 அன்று பதிந்திருக்கிறது. இங்கே கேள்வி, வேலை எப்போது முடிந்தது? மார்ச் 28 அன்று ஆலையின் மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட் நம்மிடம் இருக்கிறது. ஆகவே நம் பதிவு சரி, வருமானம் இந்த ஆண்டுக்குரியது. அந்த ரிப்போர்ட் ஏப்ரல் 4 தேதியில் இருந்திருந்தால் நாம் வருமானத்தை முன்தேதியிட்டு ஏற்றியிருக்கிறோம் என்று அர்த்தம், பில்லை அடுத்த ஆண்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

திருத்தியபின் நம் இருப்பு 6,42,000-இல் 24,000-உம் 28,320-உம் போக 5,89,680. ஆலையின் 5,18,880-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 70,800, அதாவது அந்த ஒற்றை பில். இதை அரைப் பக்கத்தில் எழுதி, மூன்று சான்றுகளையும் பின்னால் குத்தி, ஆடிட்டரிடம் கொடுத்தால் அந்தப் பார்ட்டி முடிந்தது. எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை, ஏன் ஒத்துப்போகவில்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார். ஆலைக்குப் போன் செய்து "எங்கள் தொகைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான யோசனை வேறில்லை. கிடைத்துவிட்டால் 24,000 ரூபாய் டிடிஎஸ் நம் கணக்கில் ஏறாமலே போயிருக்கும்.

பெரும்பாலும் வரும் கேள்விகள்

சிறு கம்பெனியில் ஆடிட்டர் முதலில் திறக்கும் லெட்ஜர் இயக்குநர் கடன் கணக்காகத்தான் இருக்கும். முதலாளி அவ்வப்போது பணம் போடுவார், எடுப்பார். இயக்குநரிடமிருந்து வாங்கிய பணம் பொதுமக்கள் வைப்புத்தொகையாகக் கருதப்படாமல் இருக்க வேண்டுமானால், அது அவர் வேறு யாரிடமும் கடன் வாங்கித் தந்ததல்ல என்று பணம் தரும்போதே எழுதித் தர வேண்டும். அந்த உறுதிமொழியை ஒவ்வொரு முறையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம். நிலுவையில் உள்ள கடன்களை டிபிடி-3 படிவத்தில் ஜூன் 30-க்குள் தாக்கல் செய்தோமா என்றும் கேட்பார். அதே கணக்கு மறுபக்கம் சாய்ந்து, கம்பெனி இயக்குநருக்குக் கடன் கொடுத்ததாக நின்றால் அது இன்னும் பெரிய சிக்கல். வீட்டு மளிகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கம்பெனி கார்டில் போயிருந்தால் இப்படித்தான் சாயும்.

அடுத்தது விற்பனை. புத்தகத்தில் உள்ள விற்பனை, ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி, 26ஏஎஸ் படிவத்தில் பார்ட்டிகள் காட்டிய தொகை ஆகியவற்றை மாதவாரியாக ஒரே தாளில் நிரப்புங்கள். வித்தியாசம் உள்ள மாதத்துக்கு எதிரே காரணம் எழுதுங்கள். வாங்கியதற்கும் இதே மாதிரி: நாம் எடுத்த உள்ளீட்டு வரி ஜிஎஸ்டிஆர்-2பியில் இருக்கிறதா? இல்லாவிட்டால் எந்த சப்ளையர் தாக்கல் செய்யவில்லை என்று பெயரோடு பட்டியல் வேண்டும்.

சப்ளையர்களில் யார் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்கள் என்ற கேள்வி இப்போது தவறாமல் வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படிப் பார்த்தாலும் 45 நாளுக்கு மிகாமல், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்த தொகை மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. எல்லா சப்ளையர்களிடமும் உத்யம் சான்றிதழை மார்ச்சுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். வியாபாரி மட்டுமாகப் பதிந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, எனவே சான்றிதழில் தொழில் வகையையும் பார்க்கவும்.

பிஎஃப், இஎஸ்ஐ செலுத்திய ரசீதுகளில் தொகையைவிடத் தேதியைத்தான் பார்ப்பார். தொழிலாளியின் பங்கை அடுத்த மாதம் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும், 16 அன்று கட்டியிருந்தாலும் அது தாமதம்தான்.

இன்னொன்றை இப்போதே உங்கள் கணினியில் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்று பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். டேலியில் எடிட் லாக் என்று வருவது இதுதான். ஆண்டு முழுக்க அது இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். செப்டம்பரில் இயக்கினால் ஏப்ரல் முதல் இருந்ததாகச் சொல்ல வழியே இல்லை.

சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு பைசாவும் வைக்காதீர்கள். அதைப் பற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை.

கையெழுத்துகள் எந்த வரிசையில்

கேள்விகள் முடிந்ததும் ஆடிட்டர் ஒரு உறுதிக் கடிதத்தின் வரைவைத் தருவார். வழக்கு எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாக் கடன்களும் காட்டப்பட்டுள்ளன, மார்ச்சுக்குப் பின் கணக்கைப் பாதிக்கும் நிகழ்வு எதுவும் இல்லை என்று நிர்வாகம் எழுத்தில் சொல்வது அது. முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள், "ஆமாம், அந்தப் பழைய ஊழியர் கேஸ் ஒன்று இருக்கிறதே" என்று அப்போதுதான் வரும்.

முதலில் இயக்குநர் குழு கூடிக் கணக்கை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும், அதன்பிறகே ஆடிட்டர் அறிக்கையில் கையெழுத்திடுவார். தேதிகள் தலைகீழாக இருந்தால் மறுபடி அச்சிட வேண்டிவரும். பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள், அதற்கு முழுதாக 21 நாள் முன்னறிவிப்பு. எனவே குழுக் கூட்டம் செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது, ஆடிட்டருக்குக் கணக்கு ஜூலையிலாவது போய்ச் சேர வேண்டும். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் கணக்குகளைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவம், 60 நாளுக்குள் ஆண்டறிக்கைப் படிவம் (சிறு கம்பெனிக்கு எம்ஜிடி-7ஏ). தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி. ஆடிட்டர் சொன்ன திருத்தப் பதிவுகளை, மேலே பார்த்த அந்த 24,000 ரூபாய் டிடிஎஸ் போன்றவற்றை, உங்கள் டேலியில் மார்ச் 31 தேதியில் பதிந்து, கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டோடு டிரையல் பேலன்ஸை ஒப்பிட்டு, அந்த ஆண்டை யாரும் தொடாதபடி பூட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் அடுத்த ஆடிட்டின் முதல் கேள்வியே "தொடக்க இருப்பு ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று வருகிறது.